தமிழ் மட்டும், நானூறு பிரதி

அந்தக் கடிதத்தில் வணக்கம்கூட இல்லை. நேராக விஷயம்தான்.

"என் மகள் திருமணத்துக்கு அழைப்பிதழ் அச்சிட வேண்டியது. அளவு: மடித்த பிறகு உயரம் ஏழு அங்குலம், அகலம் ஐந்து அங்குலம். ஒரே மடிப்பு. சென்டிமீட்டரில் அளக்க வேண்டாம். காகிதம்: வெளிர் மஞ்சள் ஐவரி அட்டை. மடிப்பில் வெடிக்கக் கூடாது. மாதிரிக்கு ஒரு துண்டை மடித்து, வந்த ஆளிடமே கொடுத்தனுப்பவும். வெளியே பிள்ளையார் படம், சிவப்பு மசி. உள்ளே வலப்பக்கம் வாசகம், அரக்கு மசி. உள்ளே இடப்பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும். எண்ணிக்கை நானூறு. உறை நானூறு. புரூஃப் இரண்டு தடவை. இரண்டாவது புரூஃபில் என் கையெழுத்து விழும்வரை மிஷினில் ஏற்றக் கூடாது. என்னைத் தவிர யாருக்கும் புரூஃப் காட்டக் கூடாது. ஆடி 28ஆம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்குள் மரவாடியில் ஒப்படைக்க வேண்டும். மசி காய்ந்த பிறகு ஐம்பது ஐம்பதாகக் கட்ட வேண்டும். தமிழ் மட்டும். ஒரு பிரெஞ்சு எழுத்து இருக்கக் கூடாது."

கீழே கையெழுத்து. இன்னொரு தாளில் அழைப்பிதழின் வாசகம்.

எழுதியவர் முதலியார்பேட்டையில் மரவாடி வைத்திருந்தவர். கடிதத்தைத் தன் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பியிருந்தார். தான் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். பிரெஞ்சு அரசாங்கத்தின் அறிவிப்புகளை அடித்துக் கொடுத்த அச்சுக்கூடம் எங்களுடையது. ஊர் இந்தியாவின் கைக்கு வருவதற்கு முன்னால், விடுதலை வேண்டும் என்று கூட்டம் போட்டவர்களை போலீஸ் தேடியபோது, இவர் எல்லை தாண்டி விழுப்புரத்துப் பக்கம் போய் ஒன்றரை வருஷம் இருந்தார். சரணடையச் சொல்லி ஒட்டிய அறிவிப்பில் இவர் பெயரும் இருந்தது. அந்த அறிவிப்புக்குப் புரூஃப் பார்த்தவன் நான்.

ஊர் கைமாறி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆர்டர் வாங்குவதும் தமிழ், பிரெஞ்சு இரண்டிலும் புரூஃப் பார்ப்பதும் என் வேலை. அந்த மனிதர் எங்களிடம் வர விரும்பியிருக்க மாட்டார். ஆனால் அந்த ஆடி மாதத்தில் நல்ல ஐவரி அட்டை எங்கள் கிடங்கில் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

கணக்குப்பிள்ளை எதிரிலேயே அட்டையில் ஒரு துண்டு வெட்டி, எலும்புக் கத்தியால் கோடு அழுத்தி, மடித்துக் கொடுத்தேன். வெடிக்கவில்லை.

"கடுதாசியில இருக்கிற மாதிரியே செய்யணும்னு சொல்லச் சொன்னாரு" என்றார் அவர்.

"செய்யறோம்னு சொல்லுங்க."

மாப்பிள்ளையின் அம்மா மரவாடிக்காரரின் சொந்த அக்கா. அக்காள் மகனுக்குத் தம்பி மகளைக் கொடுப்பது என்று பிள்ளைகள் தவழும்போதே பேசியாகிவிட்டது. உறவுக்காரர்கள் இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஆட்கள்தான். அதனால் தனித்தனியாகப் பத்திரிகை வேண்டாம், ஒன்று போதும் என்று அக்கா சொல்லிவிட்டார். பெண் வீடுதான் அடிப்பது என்றும் முடிவாகியிருந்தது. இதெல்லாம் பிறகு எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் அந்த அக்காவின் கணவர் அச்சுக்கூடத்துக்கு வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனில் இருந்து பென்ஷன் வாங்கி வந்தவர். இப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்று சொல்வோம். வெள்ளைக் கால்சட்டை, கையில் தொப்பி, நிமிர்ந்த முதுகு.

"முசே, என் மச்சான் ஒரு கார்டுக்கு ஆர்டர் குடுத்திருப்பாரு. உள்ள இடப்பக்கம் சும்மாதானே கிடக்குது? அதுல பிரான்சேவுல இதைப் போட்டுடு." பிரெஞ்சில் எழுதிய ஒரு தாளை என் மேஜைமேல் வைத்தார்.

நான் மரவாடிக்காரரின் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். கடைசி வரியில் விரலை வைத்தேன். அவர் முகம் சிவந்தது.

"கல்யாணம் அவர் பொண்ணுக்கு மட்டுமா? எம் புள்ளைக்கும்தானே? சைகோன்ல என்கூட இருந்த ஆபீசருங்க இருக்காங்க. அவங்களுக்குத் தமிழு தெரியுமா? என் பென்ஷன் பேப்பர்ல கையெழுத்துப் போடற துரைக்குத் தமிழு தெரியுமா?"

"அவரு எழுதிக் குடுத்திருக்காருங்க. நான் மாத்த முடியாது."

"உன்னை யாரு கேட்டது? உன் முதலாளி எங்க?"

முதலாளி உள் அறையில் இருந்தார். பதினைந்து நிமிஷம் பேசினார்கள். சொல்தா போனதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டு பேரும் நமக்கு வேண்டியவங்க. இப்படிச் செய். தமிழ மட்டும் வச்சு இருநூத்தம்பது ஓட்டிடு. அப்புறம் இடப்பக்கத்துல வெறுமைக்காக வச்சிருக்கிற மரக்கட்டைய எடுத்துட்டு பிரெஞ்ச வச்சு நூத்தம்பது ஓட்டு. அந்த நூத்தம்பதும் சொல்தா வீட்டுக்கு. மரவாடிக்கு இருநூத்தம்பது."

"அவரு நானூறு கேட்டிருக்காரு. எண்ணிப் பார்ப்பாரு."

"அட்டை குறைஞ்சுபோச்சுன்னு சொல்லு."

"பொய்தானே முதலாளி அது?"

"நீ இன்னா, நேத்து பொறந்தவனா? வேலையப் பாரு."

நான் வேலையைப் பார்த்தேன். சொல்தாவின் பிரெஞ்சு வாசகத்தை அன்று மாலையே எழுத்துக் கோக்கக் கொடுத்தேன். கோத்து முடித்து, கயிறு கட்டித் தட்டில் வைத்து, மசி உருட்டி, ஒரு புரூஃப் எடுத்தோம். அதைப் படித்துப் பார்த்தபோதுதான் ஒரு சொல் கண்ணில் பட்டது. தன் பெயருக்குக் கீழே சொல்தா தன் பட்டாளப் பதவியையும் இரண்டு பதக்கங்களையும் போட்டிருந்தார். மச்சான் பெயருக்குக் கீழே 'மர்ஷாந் தெ புவா' என்று இருந்தது. அதற்கு மர வியாபாரி என்று அர்த்தம். விறகு விற்கிறவன் என்றும் அர்த்தம். மரவாடி வைத்திருக்கிற பெரிய மனிதருக்குப் போட இன்னொரு கௌரவமான சொல் பிரெஞ்சில் உண்டு. எனக்கு அது தெரியும். ஓரத்தில் பென்சிலால் எழுதிக் காட்டினால் சொல்தா ஒத்துக்கொண்டிருப்பார். வேண்டுமென்று போட்டாரா, வேறு சொல் தெரியாமல் போட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. 'உன்னை யாரு கேட்டது' என்று சொன்னாரே, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தமிழ்ப் பக்கத்தின் முதல் புரூஃபை மரவாடிக் கணக்குப்பிள்ளை வந்து வாங்கிப்போனார். நான்கு திருத்தங்களுடன் திரும்பி வந்தது. மூன்று எங்கள் தப்பு. ஒன்று அவருடைய தப்பு. முகூர்த்த நேரத்தை, முதலில் அனுப்பிய தாளில் அவரே தப்பாக எழுதியிருந்தார். ஆனால் அந்த இடத்தில் மட்டும் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டு, 'கவனம் இல்லையா?' என்று எங்களைக் கேட்டிருந்தார்.

இரண்டாவது புரூஃபை நானே கொண்டு போனேன். கையெழுத்து வாங்க வேண்டும். திரும்பும் வழியில் சொல்தா வீட்டுக்கும் போக வேண்டும் என்பதால் பிரெஞ்சுப் புரூஃபையும் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தேன்.

மரவாடியில் தேக்குத் துண்டங்கள் ஆள் உயரம் அடுக்கியிருந்தன. ரம்பம் அறுக்கும் சத்தம். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரில் ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. உட்காரச் சொல்லவில்லை. புரூஃபை வாங்கி, அடிக்கோலை எடுத்து முதலில் அளந்தார். பிறகு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

படித்து முடித்துத் தலையைத் தூக்கினார்.

"நீதானே புரூஃப் பார்க்கறவன்?"

"ஆமாங்க."

"அந்த நோட்டீசுக்கும் நீதானே பார்த்த?"

தலையை ஆட்டினேன்.

"சுவரு சுவரா ஒட்டுனாங்களே. அதுல எம் பேரு ஒரு எழுத்துத் தப்பு இல்லாம இருந்துச்சு. அப்பவே நெனச்சேன், எவனோ நல்லா படிச்ச நாயி பார்த்திருக்கான்னு."

ரம்பம் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஒருவர் சிரித்தார்.

"கூலிக்குச் செஞ்சேங்க."

"எல்லாத் துரோகியும் அதத்தான் சொல்லுவான். கூலிக்குச் செஞ்சேன்னு."

அவர் பேனாவைத் திறந்தார். புரூஃபில் சம்மதம் எழுத எங்கள் ஊரில் ஒரு பிரெஞ்சு வாசகம் உண்டு. அச்சிடலாம் என்று அர்த்தம். எல்லாரும் அதையே எழுதுவார்கள், தமிழ்ப் பத்திரிகைக்கும். அவர் அதை எழுதாமல் 'அச்சிடலாம்' என்று தமிழில் பெரிதாக எழுதி, கையெழுத்துப் போட்டு, தாளை என் பக்கம் தூக்கிப் போட்டார். அது தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தேன்.

குனிந்து எழுந்த அந்த நேரத்தில்தான் அதைச் செய்தேன். திட்டம் போட்டுச் செய்ததல்ல. ஆனால் தெரியாமல் செய்ததும் அல்ல. சட்டைப்பையிலிருந்து மற்ற தாளை எடுத்து, அவர் முன்னால் பிரித்து வைத்தேன்.

"இதையும் ஒருக்கா பார்த்துடுங்க. உங்க மச்சான் குடுத்தது. இடப்பக்கத்துல வருது."

அவருக்குப் பிரெஞ்சு கொஞ்சம் வாசிக்கத் தெரியும். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த அளவு. உதடு அசையப் படித்தார். மச்சானின் பதக்கங்கள் வந்த வரியில் மூக்கால் ஒரு சத்தம் போட்டார். பிறகு தன் பெயருக்கு வந்தார். அதன் கீழே விரல் நின்றது.

"இது இன்னா?"

"உங்க தொழிலுங்க."

"அது தெரியுது. இன்னா அர்த்தம்?"

இரண்டு அர்த்தம் இருந்தது. நான் ஒன்றைச் சொன்னேன்.

"விறகு விக்கிறவன்."

அவர் அந்தத் தாளைக் கசக்கவில்லை, கிழிக்கவில்லை. நாலாக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "போ" என்றார்.

சொல்தா வீட்டுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. காட்ட வேண்டிய புரூஃப் என்னிடம் இல்லை. நேராக அச்சுக்கூடத்துக்குத் திரும்பினேன். தமிழ்ப் புரூஃபைக் கையெழுத்தோடு முதலாளியிடம் கொடுத்தேன். இன்னொன்று எங்கே என்று அவர் கேட்கவில்லை.

ஆனால் சொல்தா எனக்காகக் காத்திருந்திருக்கிறார். வருவதாகச் சொன்ன நேரம் தாண்டியதும் அவரே புறப்பட்டு வந்துவிட்டார். என் மேஜை முன்னால் நின்று, "ஒரு மணி நேரமா உக்காந்திருக்கேன், இதான் உங்க ஒழுங்கா?" என்று ஆரம்பித்தார். நான் பதிலுக்கு வாயைத் திறக்கும்போது வாசலில் வண்டி நின்றது. மரவாடிக்காரர் இறங்கி வந்தார். எங்கள் அச்சுக்கூடத்துக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

மச்சானைப் பார்த்ததும் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"நான் விறகு விக்கிறவனா?"

"இன்னா மச்சான், இங்க வந்து..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. எம் பொண்ணு கல்யாணத்துல, என் பத்திரிகையில, எனக்குத் தெரியாம, நான் விறகு விக்கிறவனா?"

"மரம் விக்கிறவன்னுதான் போட்டிருக்கு. விக்கல நீ?"

"விக்கிறேன்யா. மரம்தான் விக்கிறேன். உன்னாட்டம் சொந்த ஊரை வித்துட்டு வெள்ளைக்காரன் எச்சில் சோத்துல பென்ஷன் திங்கல."

சொல்தா ஓரடி முன்னால் வந்தார். "என் பென்ஷன் நான் குண்டு வாங்கிச் சம்பாதிச்சது. நீ எல்லை தாண்டி ஓடுன. உன் பொண்டாட்டி புள்ளைங்களுக்கு ஒன்றரை வருஷம் யாரு சோறு போட்டா? அந்த எச்சில் சோறுதான் போட்டுது. கேட்டுப் பாரு உங்க அக்காவ."

மரவாடிக்காரர் அவரை விட்டுத் திரும்பினார். சுற்றிப் பார்த்தார். என் மேஜைக்குப் பக்கத்தில் சாய்வுப் பலகையில் பிரெஞ்சுப் பக்கம் கோத்த தட்டு இருந்தது. எது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தட்டின் விளிம்பைப் பிடித்து ஒரே தள்ளு. கயிறு அறுந்து அத்தனை ஈய எழுத்தும் தரையில் கொட்டியது. கல் மழை விழுந்த மாதிரி இருந்தது.

முதலாளி ஓடி வந்தார். மிஷின்காரர்கள் வந்தார்கள். இரண்டு பேரையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். சொல்தா கையை உதறிக்கொண்டு, "உன் கார்டுல எம் பேரு வேணாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். மரவாடிக்காரர் முதலாளியிடம், "என் கடுதாசி உங்கிட்ட இருக்கு. என் கையெழுத்தும் இருக்கு. இருபத்தெட்டாந்தேதி பன்னெண்டு மணி" என்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர்கள் போனதும் முதலாளி என்னிடம் வந்தார்.

"அந்தப் புரூஃப் அவர் கைக்கு எப்படிப் போச்சு?"

"ரெண்டும் ஒண்ணா இருந்துச்சு முதலாளி. அவரே பிடுங்கிட்டாரு."

பொய் எவ்வளவு சுலபமாக வந்தது! ஒரு வாரம் முன்னால் இதே முதலாளியிடம் 'பொய்தானே' என்று கேட்டவன் நான் என்று வெட்கமாக இருந்தது.

கொட்டிய எழுத்தைப் பொறுக்கி, கழுவி, தலைமேல் கோடு போட்ட பிரெஞ்சு எழுத்து, போடாத எழுத்து என்று பிரித்து, எழுத்துப் பெட்டியில் அறை அறையாகத் திரும்பப் போட எனக்கு ஒன்றரை நாள் ஆனது. முதலாளி அந்த வேலையை என்னிடமே கொடுத்தார். தரையில் உட்கார்ந்து அதைச் செய்துகொண்டிருந்தபோது ஒரு அம்மாள் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். மரவாடிக்காரரின் அதே நெற்றி, அதே மூக்கு. மாப்பிள்ளையின் அம்மா என்று உடனே தெரிந்தது. எழுந்து நின்றேன்.

"நீதான் அங்க போனவனா?"

"ஆமாம்மா."

"எந் தம்பி பிடுங்கினான்னு உங்க முதலாளி சொல்றாரு. எந் தம்பி அடுத்தவன் பையில கை விடறவன் இல்ல. எனக்குத் தெரியும்."

நான் ஈய எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எம் புருஷனும் எந் தம்பியும் இருபது வருஷமா சண்டைதான். ஒருத்தன் பிரெஞ்சுக்காரனும்பான், ஒருத்தன் காந்தியும்பான். ஆனா ஒரே எலையில சாப்புடுவாங்க. இந்த ரெண்டு வார்த்தைய மட்டும் இதுநாள்வரைக்கும் பேசினது இல்ல. எச்சில் சோறுன்னு அவனும் சொன்னது இல்ல. சோறு போட்டேன்னு இவரும் சொன்னது இல்ல. உனக்கு இன்னா கெடுதல் பண்ணாங்க?"

"என்னை நாயின்னு சொன்னாரும்மா" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னதாக ஒலிக்கிறது என்று தெரிந்தது.

"சொல்லியிருப்பான். வாய் அப்படி." முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "அதுக்கு அவனத் திருப்பி நாயின்னு சொல்லியிருக்கலாமே. அது எங்களுக்குள்ள வந்திருக்காதே."

அவர் போய்விட்டார். அந்த ஒரு கேள்விக்கு மேல் என்னைத் திட்டவில்லை.

சொல்தாவின் பெயரை எடுப்பதா வேண்டாமா என்று முதலாளி மரவாடிக்கு ஆள் அனுப்பிக் கேட்டார். 'கையெழுத்துப் போட்டது போட்டபடி' என்று பதில் வந்தது. சிவப்பில் பிள்ளையார் ஒரு நாள், அரக்கில் வாசகம் மறுநாள். இடப்பக்கம் வெறுமை. இடையிடையே மெல்லிய தாள் வைத்துக் காய விட்டு, மடித்து, ஐம்பது ஐம்பதாகக் கட்டினோம். ஆடி 28, பதினொரு மணிக்கு நான் மரவாடியில் எட்டுக் கட்டுகளையும் உறைகளையும் இறக்கினேன்.

அவர் ஒரு கட்டைப் பிரித்து எண்ணினார். அடிக்கோல் வைத்து அளந்தார். மடிப்பில் நகத்தால் கீறிப் பார்த்தார். ஒரு அட்டையில் ஓரத்தில் மசி பட்டிருந்தது. அதைத் தனியே எடுத்து வைத்தார். நாங்கள் பத்து அதிகம் போட்டிருந்ததால் ஒன்று மாற்றிக் கொடுத்தேன்.

பிறகு சொன்னார்: "பிரெஞ்சு வாத்தியார் ஒருத்தரக் கேட்டேன். மர வியாபாரின்னும் அர்த்தமாம்."

"ஆமாங்க."

"உனக்கு அது தெரியும்."

"தெரியும்."

அவர் ஆட்கள் பக்கத்தில் இல்லை. அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

"உங்க முதலாளி கேட்டாரு. நானே பிடுங்கினேன்னு சொல்லிட்டேன். எங்க அக்காகிட்டயும் அதத்தான் சொன்னேன். உன்மேல இரக்கம்னு நெனைக்காதே. உன்னைக் காட்டிக் குடுத்துட்டா, உனக்கும் எனக்கும் இன்னா வித்தியாசம்?"

"உங்க மச்சான்கிட்ட சொல்லிடலாமேங்க, அர்த்தம் வேறன்னு. நான் வந்து சொல்றேன்."

"எதுக்கு? நான் அந்த ஒரு வார்த்தைக்காகவா சண்டை போட்டேன்? எனக்குத் தெரியாம என் பத்திரிகையில கை வச்சான். அது மாறுமா? நான் சொன்னது மாறுமா? அவன் சொன்னது மாறுமா? போயிட்டு வா."

'போ' என்று சொல்லாமல் 'போயிட்டு வா' என்றது வாய்ப் பழக்கம்தான். குரலில் எந்த இளக்கமும் இல்லை.

சொல்தா வேறொரு அச்சுக்கூடத்தில் பிரெஞ்சில் மட்டும் தனிப் பத்திரிகை அடித்துச் சைகோனுக்குக் கப்பலில் அனுப்பினார். அதில் பெண்ணின் அப்பா பெயர் இல்லை. ஆவணியில் கல்யாணம் நடந்தது. எனக்கு அழைப்பு இல்லை. எங்கள் மிஷின்காரர் ஒருவர் போயிருந்தார். தாலி கட்டும்போது இரண்டு பேரும் பந்தலில்தான் இருந்தார்களாம், ஆளுக்கொரு தூண் பக்கத்தில். அக்காதான் இரண்டு பக்கத்துக்கும் நடந்துகொண்டிருந்தாராம்.

அவர்கள் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை. சில வருஷம் கழித்து, ஊர் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்பவர்கள் எழுதிக்கொடுக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. சொல்தா எழுதிக்கொடுத்தார். மகனும் எழுதிக்கொடுத்து மனைவியோடு பிரான்சுக்குப் போனான். மகளை வழியனுப்ப மரவாடிக்காரர் போகவில்லை என்று கேள்விப்பட்டேன்.

நான் அந்த அச்சுக்கூடத்தில் மேலும் ஆறு வருஷம் வேலை செய்தேன். பிடுங்கிவிட்டார் என்ற பொய்யை முதலாளியிடம் கடைசிவரை திருத்தவில்லை. அந்த அம்மாளைக் கடைத்தெருவில் இரண்டொரு தடவை பார்த்தேன். கும்பிடலாம் என்று கையைத் தூக்குவதற்குள் அவர் வேறு பக்கம் திரும்பிவிடுவார்.